கன்னத்துப் பக்கத்து மூக்கு

கோத்தகிரியில் என்னைப் பல் பிடுங்குகிற டாக்டர் என்றுதான் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். பிடுங்குவதற்கு அதென்ன கேத்தித் தோட்டத்துக் கேரட்டா? பல்லை யாரும் வெளியே இழுப்பதில்லை. குறடால் பிடித்து முதலில் வேரை நோக்கி உள்ளே அழுத்த வேண்டும். பிறகு சுற்றியுள்ள எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக அகலும்வரை பொறுமையாக அசைக்க வேண்டும். குழி விரிந்துவிட்டால் பல் தானாகவே வந்துவிடும். இதைப் பாதி மலைக்குப் பாடமெடுத்தவள் நான்.

அப்படிப்பட்ட நானே ஒரு நாள் பிடுங்கினேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடைக்காரருக்குக் கீழ்க் கடைவாய்ப்பல். கடையை விட்டு வந்த அவசரம் அவருக்கு; வெளியே ஆறு பேர் காத்திருக்கும் அவசரம் எனக்கு. நெம்பித் தளர்த்தாமல், சொத்தை விழுந்த பல்லின் தலையை மட்டும் குறடால் கவ்வி ஆட்டினேன். 'படக்' என்று ஒரு சத்தம். ஒரு வேர் வந்தது, மற்றது ஆழத்தில் நின்றுவிட்டது. எக்ஸ்ரேயில் அது நரம்புக்குப் பக்கத்தில் தெரிந்ததால் மேலும் கிளறாமல் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். அங்கே நல்லபடியாக எடுத்துவிட்டார்கள். அவரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் டீ குடிக்க வந்த ஒவ்வொருவருக்கும் சர்க்கரையோடு அந்தக் கதையையும் கலந்து கொடுத்தார்.

அதன்பிறகு மூன்று வாரம் நான் குறடைத் தொடவே இல்லை. எடுக்கலாம் என்று நினைத்தாலே விரல்கள் நடுங்கின. யார் வந்தாலும், "எக்ஸ்ரே மெஷின் ரிப்பேருங்க, ஊட்டிக்குப் போயிருங்க" என்று கூசாமல் பொய் சொன்னேன். பல் எடுக்கப் பயப்படும் பல் டாக்டர் எதற்கு? கிளினிக்கை மூடிவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த லட்சணத்தில் ஒரு காலை வேளையில் என் மாமனார் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த மெஷினையும் சும்மா பார்த்துவிட்டுப் போக மாட்டார், தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். வலது மேல் கடைவாய்ப்பல் பாதி உடைந்து, உள்ளே சீழ் வைத்திருந்தது. எங்களுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் கிராம்பு எண்ணெய் வைத்துச் சமாளித்திருக்கிறார்.

"ஊட்டியில நல்ல டாக்டர் இருக்காங்க மாமா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"ஊட்டுல டாக்டரை வச்சுக்கிட்டு ஊட்டிக்கு எதுக்கு அம்மணி போறது?"

"இல்ல மாமா, மெஷின் ரிப்பேரு..."

"மெஷின் ரிப்பேரா, நீ ரிப்பேரா?" என்றார். "டீக்கடைக்காரன் என்கிட்டயுந்தான் சொன்னான். போல்ட்டு ஒடைக்காத ஃபிட்டரு எவன் இருக்கான்? எடு, பாக்கலாம்."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபமே முந்திக்கொண்டது. சரி, உட்காருங்கள் என்று எக்ஸ்ரே எடுத்தேன். ரத்த அழுத்தம் பார்த்தேன். கன்னத்துப் பக்கமும் அண்ணத்திலும் மரப்பு ஊசி போட்டேன். மரத்துப்போகும்வரை அவர் சும்மா இருந்தால்தானே?

"ஏம்மணி, ஸ்பேனர் போட்டு ஒரு திருகு திருகுனா வந்துருமில்ல?"

"ஒத்தை வேர் இருக்கற முன்பல்லுன்னா கொஞ்சம் திருகலாம் மாமா. இதுக்கு மூணு வேர். கன்னத்துப் பக்கம் ரெண்டு, உள்பக்கம் ஒண்ணு. மூணும் விரிஞ்சு நிக்குது. திருகுனா ஒடஞ்சு போகும்."

"அப்பக் குறடு எப்படிப் புடிக்கும்?"

வாயை அடைக்கிறேன் என்று நினைத்து விளக்கமாகவே சொன்னேன். மேல் கடைவாய்க்கு இடதுக்கு ஒரு குறடு, வலதுக்கு ஒரு குறடு. பல்லைக் கவ்வும் அலகு இரண்டில் ஒன்றின் நுனியில் மட்டும் சின்ன மூக்கு இருக்கும். கன்னத்துப் பக்கத்து இரண்டு வேருக்கும் நடுவே அந்த மூக்கு போய் உட்கார வேண்டும். மற்ற அலகு வழவழப்பாக வளைந்து உள்வேரைக் கவ்வும். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மரத்துவிட்டதா என்று குத்திப் பார்த்தேன். ஈறைப் பல்லிலிருந்து சுற்றிலும் விடுவித்தேன். பல்லை நெம்பும் எலிவேட்டரை எடுத்தேன். பெயர்தான் பெரிது, ஆள் பார்க்கச் சின்ன உளி மாதிரி இருக்கும். பிடி உள்ளங்கையில், ஆள்காட்டி விரல் தண்டின் மேல். வழுக்கினால் அந்த விரல்தான் தடுக்கும். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே நுழைத்து, பக்கத்துப் பல் மேல் பாரம் விழாமல், எலும்பில் ஊன்றி மெல்லத் திருப்பினேன். திருப்பி அப்படியே பிடித்திருந்தேன். ஆறு பேர் அல்ல, ஊரே வெளியில் நின்றாலும் நிற்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கடைசியில் பல் மயிரிழை அசைந்தது. விரல் நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

குறடை எடுத்து வாயருகே கொண்டு போனேன். மாமனார் இடது கையைத் தூக்கினார். வலித்தால் தூக்கச் சொல்லியிருந்த கை அது.

"வலிக்குதுங்களா மாமா?"

இல்லை என்று தலையாட்டினார். கண் குறடின் மேலேயே இருந்தது.

"மூக்கு கன்னத்துப் பக்கம் வரோணும்னு சொன்னே. இது உள்ளே பாக்குதே?"

பார்த்தேன். என் கையில் இருந்தது இடது பக்கத்துக் குறடு. தட்டில் இருந்து நானே எடுத்தது. அதைப் போட்டு அழுத்தியிருந்தால் மூக்கு உள்வேரின் மேல் வழுக்கி, பாதிப் பல் நொறுங்கியிருக்கும். பக்கத்தில் நின்ற நர்ஸ் அம்மா சிரிப்பை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"ஸ்பேனர் மாறிப் போச்சுங்க மாமா" என்றேன்.

"சைஸ் மாறுனாத்தான் நட்டு தேயும். மாத்து, மாத்து" என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்.

முதலில் நர்ஸ் அம்மாதான் சிரித்தார். பிறகு நானும் அடக்க முடியாமல் சிரித்தேன். கண்ணில் நீர் வருமளவு சிரித்து முடித்தபோது என் விரல்கள் என் பேச்சைக் கேட்டன.

வலது பக்கத்துக் குறடை எடுத்தேன். மூக்கு இரண்டு வேருக்கும் நடுவே கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. இடது கை விரல்களால் எலும்பை இருபுறமும் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். குறடை எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவும் வேர்ப்பக்கம் அழுத்தி, கன்னத்துப் பக்கம் மெல்லச் சாய்த்து, அங்கேயே நிறுத்தினேன். அடுத்து உள்பக்கம், கொஞ்சமாக. மறுபடி கன்னத்துப் பக்கம், போன தடவையைவிடக் கூடுதலாக. எலும்பு இடம் கொடுப்பது கைக்குத் தெரிந்தது. சத்தமே இல்லாமல் பல் கன்னத்துப் பக்கமாக இறங்கி வந்தது.

மூன்று வேரும் நுனி வரை முழுசாக இருந்தன. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! பல் டாக்டர் படிப்பில் பாஸானபோதுகூட அவ்வளவு இல்லை.

குழியைப் பார்த்து, விரலால் அமுக்கிவிட்டு, பஞ்சுத் துணி வைத்து அரை மணி நேரம் கடித்திருக்கச் சொன்னேன். "இன்னிக்குக் கொப்புளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, மூக்கைப் பலமாச் சிந்தக் கூடாது, பேசவும் கூடாது." கடைசியில் சொன்னதுதான் அவருக்குக் கஷ்டம். பல்லை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு வேர் நுனியையும் நகத்தால் தொட்டார். பிறகு எழுந்து வெளியே போனவர், பெஞ்சில் காத்திருந்தவர்களிடம் பெருமையாக மூன்று விரலைக் காட்டினார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "மூணு பல்லையும் புடுங்கிட்டாங்களாட்ட இருக்குது" என்று ஒருவர் பதறினார். மாமனார் பேச முடியாமல் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த எஸ்டேட் அம்மா ஒருவர், போன வாரம் நான் ஊட்டிக்குப் போகச் சொன்னவர், கதவருகே வந்து தயங்கி நின்றார்.

"ஏனுங்க டாக்டரம்மா, மெஷின் சரியாயிருச்சுங்களா?"

"ஆயிருச்சுங்க. உள்ள வாங்க" என்றேன்.