நூற்று நாற்பத்திரண்டில் மூன்று பி

பேச்சித்தாய் மஞ்சள்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியவர் பெயர் இருந்தது. செம்பொற்சோதி. பதினெட்டு வருடத்துக்கு முந்தைய கையெழுத்து. இப்போது அதை வாங்கிப் பார்த்தவரும் அவரேதான்.

"அண்ணாச்சி, மாடத்தி பேருக்கு எழுதிக் குடுத்துருங்க. வயித்துல கட்டி பெருசாயிட்டு. டாக்டரு ஆறு மாசம்னு சொல்லுதாரு," என்றாள்.

மாடத்தி அவளுடைய ஒரே மகள். போலியோ வந்த கால். வயது முப்பத்தைந்து. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியிலிருந்த சோதியின் கூரைக்கொட்டகை வாசலில், ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்திர எழுத்தர் சோதி சிட்டா நகலை இணையத்தில் எடுத்துப் பத்திரத்தின் பக்கத்தில் வைத்தார். பத்திரத்தில் சர்வே எண் 142, உட்பிரிவு 3ஏ, விஸ்தீரணம் அறுபதரை சென்ட். சிட்டாவில் 142/3ஏ என்று தேடினால் வேறொருவர் பெயர் வந்தது. அளவும் பத்தொன்பது ஏர்ஸ்தான், நாற்பத்தேழு சென்ட். அடுத்து 3பி பார்த்தார். இருபத்து நாலரை ஏர்ஸ். கணக்குப் போட்டால் அறுபதரை சென்ட். பட்டாதாரர் பெயர் உலகநாதன். நிலத்தை விற்றவர். இறந்து ஏழு வருடமாகிறது.

எங்கே தவறினோம் என்பது அவருக்கு நொடியில் தெரிந்துவிட்டது. உலகநாதனும் அண்ணனும் பாகம் பிரித்த பத்திரத்தில் ஏ ஷெட்யூல் என்ற முதல் சொத்துப் பட்டியல் அண்ணனுக்கு, பி ஷெட்யூல் தம்பிக்கு. கிரயம் எழுதிய அன்று முகூர்த்த நாள், வாசலில் கூட்டம். எண்ணை மேல் ஷெட்யூலிலிருந்தும், எல்லையையும் அளவையும் கீழ் ஷெட்யூலிலிருந்தும் பார்த்து எழுதியிருக்கிறார். பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதுவதுதான் வழக்கம். சிட்டா வாங்கி ஒத்துப் பார்க்க அன்று யாருக்கும் பொறுமை இல்லை. பேச்சித்தாய் பேரில் நிலத்தை வாங்கிய அவள் புருஷனும் பட்டா மாற்றப் போகவில்லை. சாகும்வரை வரியை உலகநாதன் பெயரிலேயே கட்டி வந்தான்.

"என்ன அண்ணாச்சி, எதும் கோளாறா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பொய் சொல்ல வசதியான இடம் அது. பழியைக் கிராம நிர்வாக அலுவலர் மேல் போடலாம், கணினி மேல் போடலாம்.

"தப்பு என்னோடது தாயி. நம்பர மாத்தி எழுதிட்டேன்."

பேச்சித்தாய் சிரித்தாள். "எம்புருஷன் ஒம்ம எழுத்தப் பாத்து, முத்துமுத்தா இருக்குன்னாரே!"

பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். விற்றவர் இல்லாததால் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். உலகநாதனின் ஒரே வாரிசு மகன் தவசி. மறுநாள் சோதி அவனுடைய சிமெண்டுக் கடைக்குப் போனார்.

"ஒமக்குக் கண்ணு தெரியாததுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?" என்றான் தவசி.

"உங்க அப்பா வித்தது அந்த வயலத்தான் தம்பி. நாலெல்லையும் அதத்தான் சொல்லுது. மேற்கே ஓடை, கிழக்கே பெரியப்பா வயலு."

"பத்திரத்துல 3ஏன்னு இருக்கு. அது பெரியப்பா வீட்டு நெலம். அங்க போயி உழச் சொல்லும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "பைபாஸ் ரோடு அந்த ஓடைய ஒட்டி வருது, தெரியுமா? பட்டா எங்கப்பா பேருல இருக்கு. இதுக்கு மேல பேசாதீரும்."

சோதி பேச்சித்தாயை அழைத்துக்கொண்டு வக்கீலிடம் போனார்.

வக்கீல் கோப்பைப் புரட்டிவிட்டுச் சொன்னார். "எண்ணைவிட எல்லைதான் பெரிசு, நிலமும் இவங்க அனுபவத்துலதான் இருக்கு. ஜெயிக்கலாம். ஆனா நாலஞ்சு வருசம் ஆகும். நீங்க தப்பா எழுதுனதா சாட்சி சொல்லணும். லைசென்சுக்கு வில்லங்கம் வரலாம்."

"சொல்லுதேன்," என்றார் சோதி. அந்தச் சம்மதத்தில் பெருமைப்பட எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

வழக்கு போட்டார்கள். பேச்சித்தாய் அவ்வளவு நாள் இருக்க மாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒரு உயில் எழுத வேண்டியிருந்தது. இந்த முறை சோதி எந்தப் பழைய பத்திரத்தையும் பார்த்து எழுதவில்லை. வயலின் அளவுகள் குறித்த புலப்படத்தை மடக்கி எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். ஓடையைப் பார்த்தார், வரப்பை நடந்து அளந்தார், எல்லைக்கல்லில் பாசியைச் சுரண்டினார். பதினெட்டு வருடம் தாமதமாக.

உயிலில் 142/3பி என்று எழுதி, கிரயப் பத்திரத்தில் 3ஏ என்று தவறாகப் பதிவாகியிருப்பதையும் வழக்கு எண்ணையும் சேர்த்தார். பேச்சித்தாயின் வீட்டில் இரண்டு சாட்சிகளுக்கு முன் வாசித்துக் காட்டினார். பாயில் படுத்தபடி அவள் கேட்டாள்.

"இப்ப எல்லாம் ஒத்துப்போகுதா?"

"நம்பரு ஒத்துப்போகுது தாயி. பேருதான் இன்னும் உலகநாதன்."

"நாலு வருசம் போனா மாடத்திக்கு முப்பத்தொம்பது. அவ இருப்பா," என்று பெருவிரலை நீட்டினாள். மாடத்தி மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

ரேகை ஈரமாக இருந்தது. சோதி, எழுதியவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டார்.