ஏழாம் கணு

தங்கமணியைப் பத்தி எழுதணும்னா என்னையும் திட்டிக்கிட்டேதான் எழுதணும். பரவாயில்லை, வாங்கிக்கட்டிக்கிறேன்.

நன்னிலத்துக்குப் பக்கத்துல கூலிக்காரக் குடும்பம். அப்பா காத்தான் மனைப்பட்டா கேட்டுப் போராடி ஜெயிலுக்குப் போனவர். பட்டா வந்தப்போ அவர் உசிரோட இல்லை. அந்த மனையில கட்டின வீட்டுல அம்மாவும் போய்ச் சேர்ந்தப்புறம் தங்கமணி ஒத்தை ஆளு. அரசு கல்லூரியில கணினித் துறையில கௌரவ விரிவுரையாளர். வருஷா வருஷம் ஜூன்ல கூப்பிட்டா வேலை, இல்லேன்னா இல்லை. எந்த ஆட்சி வந்தாலும் "நிரந்தரம் பண்றோம்"பாங்க. பண்ணினபாடில்லை.

நான் ஹபீபுன்னிசா, அதே துறையில நிரந்தரம். பதினோரு வருஷம் ரெண்டு பேருக்கும் ஒரே அறை. மத்தியானம் ஆனா அவ டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு லேபுக்குப் போயிடுவா. "இங்கேயே உக்காந்து சாப்பிடு தங்கமணி"ன்னு ஒருநாள்கூட என் வாயில வந்ததில்லை.

பதினோராவது வருஷம் கும்பகோணத்துல விடைத்தாள் திருத்துற முகாம். தலைமைத் தேர்வாளர் துரைராசு சார். ஜூன்ல யாரைக் கூப்பிடலாம்னு முடிவு பண்ற குழுவிலயும் அவர்தான். அவர் விடைக்குறிப்பு கொடுத்தா அதுதான் வேதம், நாங்க யாரும் மூச்சு விடமாட்டோம்.

ஒரு கேள்வி பைனரி மரத்தைப் பத்தினது, ஒவ்வொரு கணுவுக்குக் கீழயும் அதிகம் போனா ரெண்டு கிளை. உச்சியில 1. அதுக்குக் கீழ 2, 3. ரெண்டுக்குக் கீழ 4, 5. அஞ்சுக்குக் கீழ 7, 8. ரொம்ப ஆழத்துல இருக்குற கணுக்கள் எல்லாத்தையும் உள்ளடக்குற மிகச் சிறிய துணைமரம் எது? ஏழும் எட்டும் சேர்ற இடம் அஞ்சு, அதனால விடை 5. இதுல தகராறு இல்லை. அடுத்த பகுதியில எட்டை வெட்டிட்டு அதே கேள்வி, மூணு மார்க்கு. விடைக்குறிப்புல மறுபடியும் 5னு போட்டிருந்தார்.

தங்கமணி கையில ஒரு தாள். பேர் கிடையாது, வெறும் நம்பர்தான். அந்தப் பிள்ளை 7னு எழுதியிருந்துது. மொத்தம் இருபத்தெட்டு, பாஸாக முப்பது வேணும்.

அவ எழுந்து சார்கிட்ட போனா. "சார், ஆழமான கணு ஒண்ணே ஒண்ணு இருந்தா, விடை அந்தக் கணுவேதான்."

"ஒத்தைக் கணுவை மரம்னு எவனாவது சொல்வானாம்மா? பெத்தவளையும் சேர்த்தாத்தானே குடும்பம்! குறிப்புப்படி போடுங்க."

"குடும்பக் கணக்கு வேற சார். கீழேயிருந்து பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே ஆழம்னா அந்தக் கணுவே விடை. ஒரு பக்கம் ஆழம் அதிகம்னா, அந்தப் பக்கத்து விடையே அப்படியே மேலே போகும். ஏழுக்கு ரெண்டு பக்கமும் காலி, சமம். அதனால அதோட விடை ஏழு. அஞ்சுல ஒரு பக்கம்தான் ஆழம், அதனால அங்கேயும் ஏழு. உச்சி வரைக்கும் ஏழுதான்."

சார் கண்ணாடியைக் கழட்டினார். "ஜூன் மாசம் வருது, ஞாபகம் இருக்கா?"

அவ முகம் செத்துப்போச்சு. ஆனாலும் மார்க் பட்டியல்ல கையெழுத்துப் போடமாட்டேன்னு நின்னுட்டா. கையெழுத்து இல்லாம விடைத்தாள் கட்டை மூடமுடியாது. என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க மேடம்"னா. பதினோரு வருஷத்துல அவ என்கிட்ட கேட்ட ஒரே உதவி அது. நான் டீ கிளாஸையே பார்த்துக்கிட்டு இருந்தேன். தூ!

அவ நேரா முகாம் நடந்த கல்லூரியோட லேபுக்குப் போனா. தான் சொன்ன கணக்கையே நிரலா அடிச்சு, மரத்தைக் கொடுத்து கம்ப்யூட்டர்ல ஓட்டினா. திரையில 7. பின்னாலயே வந்த துரைராசு சார் ரெண்டு தடவை ஓட்டச் சொன்னார். ரெண்டு தடவையும் அதேதான். குறிப்புல 5ஐ அடிச்சு 7னு திருத்தினார்.

திருத்தின கட்டுகளையெல்லாம் மறுபடி பிரிக்கவேண்டியதாப் போச்சு. கட்டுகளை மாத்தி மாத்திக் கொடுத்தாங்க. "இவளுக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு முணுமுணுப்பு. பாபநாசம் போறவங்களுக்கு அஞ்சு மணி பஸ் போச்சு. அவகூட ஒருத்தரும் முகங்கொடுத்துப் பேசலை. அந்தப் பிள்ளை முப்பத்தொண்ணு வாங்கிப் பாஸாச்சு, அது யாருன்னு அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

ஜூன்ல அவளைக் கூப்பிடலை.

ரெண்டு வருஷம் கழிச்சு கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். முடி பாதி நரைச்சிருந்துது. ஒரு ஜெராக்ஸ் கடையில டைப் அடிக்கிறாளாம். கையைப் பிடிச்சுக்கிட்டு, "அன்னிக்கு எனக்குச் சட்டுனு பிடிபடலை தங்கமணி, தெரிஞ்சிருந்தா பேசியிருப்பேன்"னேன்.

அவ கையை உருவலை.

"மறுதிருத்தத்துக்கு உங்க கட்டுதான் மேடம் எனக்கு வந்துச்சு. முதல் நாலு தாள்ல ஏழுக்கு மூணு மார்க் போட்டு, அப்புறம் குறிப்பைப் பார்த்துட்டு அடிச்சு சைபர் போட்டிருந்தீங்க."

நன்னிலம் பஸ் வந்துச்சு. "சாப்பிட்டீங்களா மேடம்?"னு கேட்டுட்டு ஏறிட்டா.