என் பெரியப்பா மகளுக்கு வந்த மெயில்

சென்ற ஆண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டாம் ஆண்டு பி.எஸ்.ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். கூடவே என் பெரியப்பா மகளும் வருவாள். அதே கல்லூரி, அதே வகுப்பு, அதே பெஞ்சு. என்னைவிட சில மாதங்கள்தான் மூத்தவள். அக்கா என்று கூப்பிடச் சொல்லி அம்மா எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். நான் கூப்பிட்டதே இல்லை.

காரணம் வேறொன்றுமில்லை, பொறாமைதான். பெரியப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கென்று தனி அறை, லேப்டாப். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம். அப்பா வேலை பார்ப்பதும் அங்கேதான். தறி ஓடினால் எங்கள் வீட்டில் கத்தித்தான் பேச வேண்டும். அவள் மெதுவாகப் பேசுவாள். அதைக்கூட எல்லோரும் பாராட்டுவார்கள். நானும் அவளும் ஒரே மார்க் வாங்கினாலும், "அவளப் பாரு, எம்புட்டு அமைதியா இருந்துக்கிட்டு எம்புட்டு மார்க் எடுக்கா" என்று அம்மா என்னிடமே சொல்வார்.

அந்த வருடம் ஓர் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகைக்கு நாங்கள் இருவரும் விண்ணப்பித்திருந்தோம். அவளுக்கு அது கிடைத்தால் நல்லது. எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டை அஞ்சல் வழியில் முடித்துக்கொண்டு தறிக்கூடத்தில் பேண்டேஜ் சுருட்டும் வேலைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. தேர்வானவர்களுக்கு மெயில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். நானும் காலையில் எழுந்ததும் இன்பாக்ஸைப் பார்ப்பேன். அதில் இல்லையென்றால் ஸ்பேம். இரண்டிலும் ஒன்றும் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சனிக்கிழமை எனக்கு இன்டர்வியூ இருக்கு. அந்த ஸ்காலர்ஷிப்புக்கு. வீடியோ கால்லதான்."

"எப்ப வந்துச்சு மெயில்?"

"திங்கக்கிழமை. நீ ஒண்ணும் சொல்லல. ஒனக்கு வரல போலன்னு நெனச்சேன். எப்படிக் கேக்கன்னு தெரியல."

வாழ்த்துச் சொன்னேன். வாய்தான் சொன்னது. நெஞ்சுக்குள் எரிந்தது. பஸ் இறங்கி வீடு வரும்வரை அவளோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செல்போனை எடுத்தேன். விண்ணப்பத்தில் எங்கேயோ தப்புச் செய்திருப்பேன், அதனால்தான் அவளுக்கு மட்டும் வந்திருக்கிறது என்று தோன்றியது. விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று முன்பு ஒரு மெயில் அனுப்பியிருந்தார்கள். அதைத் திறந்து பார்க்கலாம் என்று தேடும் கட்டத்தில் அறக்கட்டளையின் பெயரை அடித்தேன். இரண்டு மெயில்கள் வந்து நின்றன. கீழே இருந்தது பழையது. மேலே இருந்தது திங்கட்கிழமை வந்தது. படிக்காததால் தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு ஃபோல்டரின் பெயர்: 'பொறவு பாக்கலாம்'.



அந்த ஃபோல்டரை நான் மறந்தே போயிருந்தேன். முதலாம் ஆண்டில் எனக்கு ஓயாமல் விளம்பர மெயில்கள் வரும். கோச்சிங் சென்டர், துணிக்கடை, வேலைவாய்ப்பு என்று செல்போன் கத்திக்கொண்டே இருக்கும். அப்போது கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து, அவள்தான் என் மெயிலில் ஒரு ஃபில்டர் போட்டுக் கொடுத்தாள். மொத்தமாக அனுப்பப்படும் விளம்பர மெயில்களின் அடியில் 'அன்சப்ஸ்கிரைப்' என்ற வார்த்தை இருக்கும் அல்லவா? அந்த வார்த்தை எந்த மெயிலில் இருந்தாலும், இன்பாக்ஸுக்கு வராமல் நேராக இந்த ஃபோல்டருக்குப் போய்விடும். இன்பாக்ஸைத் தொடாத மெயிலுக்குச் செல்போனில் மணியும் அடிக்காது. ஸ்பேமிலும் அது இருக்காது. இடது பக்கப் பட்டியலைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனால்தான் அந்த ஃபோல்டர் கண்ணில் படும்.

அறக்கட்டளையின் பழைய மெயில், விண்ணப்பித்தவுடன் தானாக வந்தது. அதில் அந்த வார்த்தை இல்லை. நேர்காணல் மெயிலைத் தேர்வான எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியிருக்கிறார்கள். அதனால் அடியில் அந்த வார்த்தை சேர்ந்துவிட்டது. ஃபில்டர் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது.

மெயிலைப் படித்தேன். சனிக்கிழமை நேர்காணல். இரண்டு நாட்களுக்குள் கீழே உள்ள இணைப்பில் போய் நேரத்தைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்ய வேண்டும். இணைப்பை அழுத்தினேன். 'பதிவு முடிந்துவிட்டது' என்று வந்தது. மறுபடி அழுத்தினேன். அதேதான்.

செருப்பு மாட்டியும் மாட்டாமலும் பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். அவள் அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஏட்டி, வேணும்னுதான செஞ்ச? ஒன் மெயில்ல இந்த ஃபில்டர் இருக்கா? எனக்கு மட்டும் ஏன் போட்ட?"

அவள் மெயிலை அடிவரை படித்தாள். பிறகு சொன்னாள்: "நீதான கேட்ட? செல்லு கத்திக்கிட்டே இருக்கு, வகுப்புல மானம் போகுதுன்னு. நான் ஒனக்கு ஒரு வருசத்துக்கு முன்னாடி போட்டது. இப்படி ஒரு மெயில் வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் நியாயம் எனக்குத் தேவைப்படவில்லை. அழுதுகொண்டே வந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை கல்லூரிக்குப் போகவில்லை. அந்த மெயிலுக்குப் பதில் எழுதினால் போய்ச் சேராது, பதில் அனுப்ப முடியாத முகவரி என்று அதிலேயே போட்டிருந்தது. உதவிக்கென்று கீழே வேறொரு முகவரியும் அலுவலக எண்ணும் இருந்தன. அலுவலகம் திறந்ததும் கூப்பிட்டேன். பல முறை மணியடித்த பிறகு ஒரு பெண் எடுத்தார். என் விண்ணப்ப எண்ணைக் கேட்டுக்கொண்டார்.

"உறுதி பண்ணாதவங்க பேரு தானா வெளியில போயிரும்மா. மூடின இணைப்பை என்னால திறக்க முடியாது. நீங்க உதவி முகவரிக்கு ஒரு மெயில் எழுதுங்க. நாளைக்கு யாராவது வரலைன்னா, எழுதிக் கேட்டவங்களைத்தான் பார்ப்போம். உறுதியா சொல்ல முடியாது."

உட்கார்ந்து எழுதினேன். எங்கள் வீட்டு நிலைமை, அப்பாவின் வேலை, நான் அழுதது எல்லாம் எழுதினேன். ஒரு முழுப் பக்கம். அனுப்பப் போகும்போது வாசலில் அவள் வந்து நின்றாள். அவளும் அன்று கல்லூரிக்குப் போகவில்லை. தறிச் சத்தத்தில் அவள் சொன்னது கேட்கவில்லை. கையை நீட்டிச் செல்போனை வாங்கினாள். நான் எழுதியதை வாசித்தாள். முகம் சுருங்கியது.

"ஏன்டி இப்படிக் கெஞ்சுற? படிக்கவே எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று கத்திச் சொன்னாள். அவள் கத்தி நான் கேட்டதே அன்றுதான்.

பாதிக்கு மேல் அழித்தாள். தலைப்பில் விண்ணப்ப எண்ணைப் போட்டாள். மெயில் வேறு ஃபோல்டரில் போய் விழுந்ததால் நேற்றுத்தான் பார்த்தேன், பதிவு முடிந்துவிட்டது, சனிக்கிழமை எந்த நேரம் காலியானாலும் உடனே வர முடியும், இதுதான் என் செல்போன் எண். அவ்வளவுதான். மார்க் ஷீட்டையும் கல்லூரிச் சான்றிதழையும் இணைத்து அனுப்பினாள்.

"எனக்குக் கெடச்சா ஒனக்குத்தான ஒரு எடம் கொறயும்" என்றேன். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் இதுதான் என் வாயில் வந்தது.

"தெரியும்" என்றாள். "ஒங்க வீட்டுல இந்தச் சத்தத்துல பேச முடியாது. நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்துரு."

சனிக்கிழமை காலையில் அவளுடைய நேர்காணல். நான் வெளியே ஹாலில் பெரியம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். அறைக்குள்ளிருந்து அவளுடைய ஆங்கிலம் தடையில்லாமல் வந்துகொண்டே இருந்தது. நடுவில் கேள்வி கேட்டவர்கள் சிரித்தது கேட்டது. லேப்டாப் வழியாக யாரோ முகம் தெரியாதவர்கள் சிரித்தது எனக்குள் ஊசி மாதிரி குத்தியது. இணைப்பு அறுந்து போகக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தேன். வெளியே வந்தபோது அவள் முகம் மின்னியது. "நல்லாப் பண்ணிட்டேன்னு நெனக்கேன்" என்றாள். பெரியம்மா அவள் கன்னத்தைத் தடவினார். எனக்கு வீட்டுக்குப் போய்விட வேண்டும் போல் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் என் செல்போன் மணியடித்தது. அதே பெண்மணி. ஒருவர் வரவில்லை, அரை மணி நேரத்தில் தயாராக முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லும்போது வாயில் சோறு இருந்தது.

அவள் தன் துப்பட்டாவை எடுத்து என் தோளில் போட்டாள். என்னுடையதில் ரசம் சிந்தியிருந்தது.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். என் ஆங்கிலம் இரண்டாவது கேள்வியிலேயே தட்டுத் தடுமாறியது. தமிழிலேயே சொல்லலாம் என்றார்கள். அவர்களில் ஒருவர், "மெயிலை ஏன் தாமதமாப் பார்த்தீங்க?" என்று கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன். ஃபில்டரைப் பற்றியும் சொன்னேன்.

"அப்போ அதை அழிச்சிட்டீங்களா?"

"இல்ல சார். அழிச்சா விளம்பரமெல்லாம் திரும்ப வந்துரும். மாத்திட்டேன். கணக்குல வர்ற செட் மாதிரி, அந்த வார்த்தை உள்ள மெயில் எல்லாம் ஒரு கணம். எனக்கு வேண்டிய முகவரியில இருந்து வர்றது இன்னொரு கணம். முதல் கணத்துல இருக்கணும், ரெண்டாவதுல இருக்கக் கூடாது, அதை மட்டும் தள்ளுன்னு வச்சிட்டேன். உங்க முகவரி இப்ப ரெண்டாவது கணத்துல இருக்கு."

மூவரும் சிரித்தார்கள். பிறகு கணக்கைப் பற்றியே கேட்டார்கள். நான் பயத்தை மறந்து பேசினேன்.

அடுத்த மாதம் எனக்கு மெயில் வந்தது. நேராக இன்பாக்ஸுக்கு. நான் தேர்வாகியிருந்தேன்.

அவளுக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்து, "ரொம்பச் சந்தோசம்டி" என்றாள். பிறகு தன் செல்போனை என்னிடம் கொடுத்தாள். "எனக்கும் எங்கேயாவது போயி விழுந்திருக்கான்னு பாரேன்."

தேடும் கட்டத்தில் பெயரை அடித்தேன். பழைய மெயில்கள்தான் வந்தன. ஸ்பேமைத் திறந்தேன், அழித்த மெயில்களைத் திறந்தேன், ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"இன்னொருக்கப் பாரு" என்றாள்.

இருக்காது என்று தெரிந்தே இன்னொரு முறை பார்த்தேன். தலையை நிமிர்த்தி அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பல வருடங்களாக நான் ஆசைப்பட்டது இதைத்தான். ஒரு முறையாவது அவளுக்கு இல்லாதது எனக்கு இருக்க வேண்டும். அது கையில் வந்தபோது அதை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. "இல்லக்கா" என்றேன். அவள் செல்போனை வாங்கிக்கொண்டு, "சரி, வாரேன்" என்று போனாள்.

அதன்பின் பத்துப் பதினைந்து நாள் அவள் வேறு பஸ்ஸில் போனாள். பொறவு ஒரு நாள் பழையபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விட்டுப்போன கணக்கைக் கேட்டாள். அந்த நாட்களில் அவள் என்ன பட்டிருப்பாள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பொறாமை என்னைவிட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் யாராவது என் கையைப் பிடித்துச் சந்தோஷம் என்று சொன்னால், அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவர் எதையெல்லாம் விழுங்கியிருப்பாரோ என்று நினைத்து, அந்தக் கையைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறேன்.