தகட்டில் வேறு எண்

சி.என்.ஜி. பங்கில் பதினோரு வருடமாக எரிவாயு நிரப்பும் அவருக்கு ஓட்டுநர்கள் எரிச்சலோடு வைத்த பெயர் 'தேதி'. வண்டியின் எரிவாயு சிலிண்டரைச் சோதித்த தேதியைப் பார்க்காமல் அவர் குழாயைத் தொடமாட்டார்.

அன்று மனைவியின் தம்பியே டாக்சியோடு வந்தான். சவாரி வந்த பயணியை மஞ்சள் கோட்டுக்கு வெளியே இறக்கிவிட்டு, உள்ளே வந்து எஞ்சினை அணைத்தான். நிரப்பும் வால்வருகே இருந்த தகட்டில் தேதி சரியாகவே இருந்தது. இருந்தாலும் அவர் டிக்கியைத் திறந்து, சிலிண்டரில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். தகட்டில் வேறு எண்.

"இது யார் வண்டித் தகடுடா?"

"சிநேகிதனோடது. டெஸ்டுக்கு விட்டா ரெண்டு நாள் சவாரி போயிடும். போடுங்க மாமா, கழுத்தறுக்காதீங்க."

"இருநூறு பார் அழுத்தம். வெடிச்சா உங்கக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

"அவ உங்களக் கட்டிக்கிட்டதே தண்டம்! இனிமே எங்க வீட்டு வாசப்படிய மிதிச்சிடாதீங்க."

"மிதிக்கல. வண்டிய எடு."

பின்னால் ஹாரன்கள் அலறின. மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்ட பயணி, பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு வண்டி பார்க்கப் போனார்.

"வயித்துல அடிச்சிட்டீங்கல்ல? இப்பவே அக்காகிட்ட சொல்றேன்," என்று மச்சான் செல்போனை எடுத்தான்.

அவர் குழாயைப் பம்பின் கொக்கியிலேயே திரும்ப மாட்டினார்.

"தாராளமா சொல்லு. கேட்டுக்கு வெளிய போய்ச் சொல்லு. இங்க போன் கூடாது."