பிள்ளையார் சுழிக்கு ஒரு பதில்

தேனாம்பேட்டையில், அண்ணா சாலையைப் பார்த்த கட்டிடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் எங்கள் கம்பெனி. தொண்ணூறுகளின் கடைசி. நான் அங்கே சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் ஓட்டை எங்கே என்று தேடிச் சொல்வதுதான் வேலை. அப்படிச் சொல்கிறவளை யாருக்குப் பிடிக்கும்?

வேலை நிரந்தரமாகவில்லை. போன புராஜெக்டில் டெஸ்டிங்குக்கு எனக்கு நான்கு வாரம் தருவதாக வாயால் சொல்லிவிட்டு, கடைசியில் இரண்டு வாரம்தான் கொடுத்தார்கள். புரோகிராமில் இருந்த தப்பு அப்படியே கிளையண்டிடம் போய்விட்டது. "முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று என் தலையில் கட்டினார்கள். சொன்னேன், ஐயா, சொன்னேன்! எழுத்தில் இல்லையே. நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று நேரிலேயே சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் புதிய புராஜெக்டின் முதல் மீட்டிங். எங்கள் மேனேஜர் மயிலாப்பூர்க்காரர். போர்டில் எதை எழுதத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் அடுத்த எழுத்து. ஸ்கிரீன் ஆறு வாரம், ரிப்போர்ட் நான்கு வாரம் என்று வரிசையாக இங்கிலீஷில் எழுதினார். என் முறை வந்ததும், "நாலு வாரம் சார்" என்றேன். "சரிம்மா" என்றார். டெஸ்டிங் புதிய பகுதியாயிற்றே என்று ஒரு கோடு போட்டு, 'டெஸ்டிங்' என்று தலைப்பு எழுதி, வாரத்தை எழுதுமுன் பக்கத்தில் ஒரு 'உ' போட்டார். அடியில் ஒரு கோடும் இழுத்தார். அதற்குள் அமெரிக்காவிலிருந்து போன் என்று யாரோ கூப்பிட, மார்க்கரை மூடாமலே ஓடினார். திரும்பி வரவில்லை. மீட்டிங் அப்படியே கலைந்தது.

மறுநாள் மத்தியானம் ஒரு மெயில். அனுப்பியவர் பம்பாயில் வளர்ந்த தமிழர். திட்டத்தை எழுதி அமெரிக்கக் கிளையண்டுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. தமிழ் நன்றாகப் பேசுவார், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. கம்பெனி அப்போதுதான் ஃபிளாப்பி போடுகிற டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கியிருந்தது. அதை அவர் கழுத்திலிருந்து கழற்றவே மாட்டார். மெயிலில் ஒரு வார்த்தை கிடையாது. மேலே தலைப்பு கிடையாது. மீட்டிங் கலைந்த பிறகு அவர் வந்து எடுத்த போர்டின் போட்டோ மட்டும்.

என் கம்ப்யூட்டரில் அந்தப் படம் திறக்கவே மறுத்தது. சிஸ்டம் ரூமில் இருந்த ஊழியர் வந்து திறந்து கொடுத்தார்.

"இன்னா மேடம் இது, படம் மட்டும் கீது, ஒரு எழுத்து இல்ல? எதுக்காம்?"

"அதைத்தான் நானும் பார்த்துக்கிட்டிருக்கேன்."

ஃபிளாஷ் பட்டு நடுவில் வெள்ளையாக ஒரு பூச்சு. போர்டின் மேல் ஓரம் வெட்டுப்பட்டிருந்ததால் உச்சியில் இருந்த சுழி படத்தில் இல்லை. கீழே ஆறு, நான்கு என்று எண்கள். அந்த வரிசையிலேயே 'டெஸ்டிங்', பக்கத்தில் அந்த 'உ'. தெரியாத கண்ணுக்கு அது இரண்டு. பழைய தமிழ் எண்களில் இரண்டுக்கும் ஏறக்குறைய இதே வடிவம்தான். அந்த நியாயமெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு எதற்கு?

நேரே பம்பாய்க்காரரிடம் போனேன். "டெஸ்டிங்குக்கு எத்தனை வாரம்னு எடுத்துக்கிட்டீங்க?"

"ரெண்டு. போர்டுலயே இருக்கே."

"அது ரெண்டு இல்ல. பிள்ளையார் சுழி."

சிரித்தார். "நல்ல கதை மேடம். எல்லாரும் பார்த்த போர்டு அது. இன்னிக்கு சாயந்திரம் பிளான் போயிடும். ரெண்டு வாரத்துல அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

அட்ஜஸ்ட்! எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இடத்துக்கு வந்து உட்கார்ந்து, நோட்டில் ஒரு பதில் எழுதினேன். "படம் எடுக்கத் தெரிந்த உங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை" என்று தொடங்கியது அது. எழுதும்போது என்ன சுகம்! படித்துப் பார்த்தேன். இதை அனுப்பினால் நாளைக்கு ஆபீஸ் முழுக்க என் வாய்க்கொழுப்பைப் பற்றிப் பேசும். வாரக்கணக்கை ஒருத்தரும் பேசமாட்டார்கள்.

எனவே ஒரு முடிவு செய்தேன். அந்த ஆளைப் பற்றி ஒரு சொல் இருக்கக் கூடாது. போர்டைப் பற்றி மட்டும் இருக்கட்டும். 'நீங்கள் தவறாக' என்பதை அடித்தேன். 'வழக்கம்போல' என்பதை அடித்தேன். 'தயவுசெய்து இனிமேலாவது' என்பதையும் அடித்தேன், மனசில்லாமல்தான். ஆங்கிலத்தில் மிஞ்சியது தமிழில் இப்படி வரும்:

"போர்டின் படத்துக்கு நன்றி. படத்தில் நான் வாசிப்பது: ஸ்கிரீன் ஆறு வாரம், ரிப்போர்ட் நான்கு வாரம். டெஸ்டிங் பக்கத்தில் இருக்கும் குறி எண் அல்ல, எழுதத் தொடங்கும்போது போடும் பிள்ளையார் சுழி. அதன் பிறகு வாரம் எழுதப்படவில்லை. மீட்டிங்கில் நான் கேட்டது நான்கு வாரம். நடுவில் ஒளி பட்ட இரண்டு வரிகள் எனக்குத் தெரியவில்லை, அவற்றை எழுத்தில் அனுப்ப முடியுமா? பிளான் போவதற்கு முன், மாலை ஐந்து மணிக்குள், டெஸ்டிங் நான்கு வாரம் என்று உறுதி செய்ய வேண்டுகிறேன். இந்தப் படத்தை வைத்து நான் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்றும் சொல்லவும்."

அவர் யாருக்கெல்லாம் படத்தை அனுப்பினாரோ அத்தனை பேருக்கும், மேனேஜருக்கும் சேர்த்து, அனுப்பினேன். பயமாக இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

கால் மணி நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். பம்பாய்க்காரர் ஏற்கனவே அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா இது? ஊருக்கெல்லாம் மெயில் போட்டுண்டு? என் ரூமுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"போன தடவை சொன்னேன் சார்."

அவர் முகம் மாறியது. பம்பாய்க்காரர் குறுக்கே புகுந்தார். "சார், கிளையண்டுகிட்ட ரெண்டுன்னு நேத்தே போன்ல சொல்லிட்டேன். இப்ப நாலுன்னா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க? இவங்க இன்னொரு மெயில் போட்டு, தான்தான் சரியா புரிஞ்சுக்கலன்னு எழுதிட்டா முடிஞ்சுது."

எழுதுவதா? நானா? காது இரண்டும் கொதித்தது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதிடேன்மா. சின்ன விஷயம்தானே."

"மாட்டேன் சார். சுழியைப் போட்டது நீங்க. அது ரெண்டுன்னா நீங்க எழுதுங்க, நான் ரெண்டு வாரத்துல முடிக்கிறேன்."

பிள்ளையார் சுழியை இரண்டு என்று எழுத அவருக்குக் கை வருமா? வராது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதனால்தான் அடுத்ததாக அதைச் சொன்னார்.

"உன்னை பெர்மனென்ட் பண்ற கன்ஃபர்மேஷன் ஃபைல் என் மேஜைமேலதான் இருக்கு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். அதனாலதான் எழுத்துல கேட்டேன்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை இறக்கவில்லை. பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு விரலால் தட்டித் தட்டி ஒரே ஒரு வரி அடித்தார். எனக்குப் படித்துக் காட்டாமலே அனுப்பினார். என் இடத்துக்குப் போய்த் திறந்து பார்த்தேன். 'டெஸ்டிங்: நான்கு வாரம்.' எல்லோருக்கும் போயிருந்தது, கிளையண்டுக்கும்.

அந்த மெயிலை இரண்டு பிரிண்ட் எடுத்தேன். ஒன்று எனக்கு. இன்னொன்றை அவர் மேஜைமேல் இருந்த என் ஃபைலில் நானே போய்ச் சொருகினேன்.