குழிக்குள் வெளுத்த மரம்

இலங்கையில், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பேக்டரியில் நல்லையா தச்சு வேலை பார்த்தார். 1972இல், பதுளைப் புடவைக்கடை ஷுக்ரி முதலாளி உடைந்த மின்சாரக் கிட்டார் ஒன்றை அவரிடம் கொண்டுவந்தார். வேனிலிருந்து விழுந்து உடம்பு பிளந்திருந்தது. கழுத்தும் கம்பி தாங்கியும் ஒலியை வாங்குகிற பிக்கப்பும் நன்றாகவே இருந்தன. வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது.

கூடவே புது உடம்பு செய்ய ஒரு தடித்த மஹோகனிப் பலகையையும் கொடுத்தார். அவருடைய வாப்பா நாற்பது வருடம் துணி அளந்து வெட்டிய மேசைப் பலகை.

"இதுல செஞ்சா சத்தம் தேன் மாதிரி வரும், நல்லையா. மரந்தான் பாடுறது."

செதுக்கும்போது உள்ளே முறிந்து கிடந்த பித்தளை ஆணியில் உளி மோதியது. பலகை நெடுக்கே பிளந்தது. நல்லையா துண்டுகளை வீட்டில் ஒளித்துவைத்தார். அன்றே பேக்டரி ஸ்டோரிலிருந்து ஒரு சபுக்குப் பலகையை எடுத்தார். தேயிலைக்கு நிழலாக நடுகிற மரம் அது. உடம்பை அதில் வெட்டிக் கருஞ்சிவப்புப் பாலிஷ் ஏற்றினார்.

"தொரைக்குத் தெரிஞ்சா பேர வெட்டி வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க. லயத்து வீட்டையும் விடணும்" என்றாள் மனைவி ராசம்மா. தோட்டத்தை நடத்தும் துரைமாருக்குத் துணி கொடுப்பதே ஷுக்ரியின் கடைதான். அவர் கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கிட்டாரைக் கொண்டுபோன அன்று கடையின் பின்னறையில் ரேடியோ திருத்துகிற தாஸிமும் இருந்தார்.

"மச்சான், பிக்கப்புல இருக்கிறது காந்தமும் கம்பிச்சுருளும். மேல இரும்புக் கம்பி ஆடினா அதுக்குத் தெரியும். மரம் ஆடுறது அதுக்கு எங்க தெரியப்போகுது?"

"மரத்துலதானே கம்பிய இழுத்துக் கட்டியிருக்கு? மரத்துக்குத் தக்கத்தான் கம்பியும் ஆடும்" என்றார் ஷுக்ரி.

"கொஞ்சம் இருக்கும். அத உன் காது பிரிச்சுச் சொல்லுமா?"

"ரேடியோக்காரனுக்கு இரைச்சல் மட்டுந்தான் கேக்கும்."

நல்லையா கதவோரம் நின்றார். தாஸிம் சொல்வது சரியானால் பிழைப்பு. ஷுக்ரி சொல்வது சரியானால் லயம் போச்சு.

ஷுக்ரி வாசித்தார். சத்தம் மெலிந்து, எங்கோ தூரத்தில் கேட்டது. அவர் முகம் மாறியது.

"இது என்ட வாப்பாட பலகை இல்லயே!"

நல்லையா வாசல்படிக்கு நகர்ந்தார்.

தாஸிம் குனிந்து பார்த்தார். "பிக்கப் கம்பிய விட்டுக் கால் அங்குலம் கீழ கெடக்குது. குழிய ஆழமா வெட்டியிருக்கு." அது குழியின் அடியில் நேராகத் திருகப்பட்ட பிக்கப். அடியில் ஏதாவது வைத்துத்தான் உயர்த்த வேண்டும். தாஸிம் அதைக் கழற்றித் தூக்கினார்.

குழிக்குள் பாலிஷ் இல்லை. வெளுத்த மரமும், அதில் மீன் செதில் மாதிரி சபுக்கின் ரேகையும்.

குனிந்திருந்த தாஸிம் மட்டும் அதைப் பார்த்தார். பிறகு நல்லையாவைப் பார்த்தார். பிக்கப்பை உயர்த்தி வாசிக்கவைத்துவிட்டு ஒரு சொல் சொன்னால் போதும், அவர் வாதம் ஜெயித்துவிடும். அவர் பழைய செருப்பு ரப்பரில் இரண்டு துண்டு வெட்டி அடியில் வைத்து பிக்கப்பைத் திருகினார்.

இப்போது சத்தம் நிறைந்து வந்தது.

"கேட்டியா மஹோகனிய!" என்றார் ஷுக்ரி.

"ஆமா மச்சான்," என்றார் தாஸிம்.

வெளியே வந்ததும் தாஸிம் நல்லையாவின் தோளைப் பிடித்தார். "வேற யாரும் தெறக்காமப் பாத்துக்க."

அந்தச் சொல்தான் நல்லையாவின் எட்டு வருடம். மாதம் ஒருமுறை பதுளைக்கு இறங்கி, கிட்டாரின் திருகுகளைத் தன் கையாலேயே இறுக்கினார். காசு வாங்கவில்லை. ஷுக்ரி அதை விசுவாசம் என்று ஊரெல்லாம் சொன்னார். பேக்டரிக்குக் கடைக்காரர் யாராவது வந்தாலே நல்லையா ஸ்டோருக்குள் போய்விடுவார்.

1980இல், தோட்டத்துத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி நல்லையாவுக்கும் கடவுச்சீட்டு வந்தது. இனி யார் இறுக்குவார்கள்? எவனாவது திறப்பான். பலகை எங்கே என்று ஷுக்ரி கேட்டால் பதில் சொல்லத் தானும் இருக்க மாட்டார். ஷுக்ரி போலீசில் ஒரு புகார் கொடுத்தால் பயணமே நின்றுவிடும் என்று தெரிந்தும், பிளந்த இரண்டு துண்டையும் சாக்கில் சுற்றிக் கடைக்குப் போனார்.

"பயணம் சொல்ல வந்தியா?"

"ஆமாங்க முதலாளி." நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சாக்கைப் பிரித்துத் துண்டுகளை மேசையில் வைத்தார்.

ஷுக்ரி பலகையைத் தடவினார். பித்தளை ஆணி இன்னும் அதிலேயே இருந்தது.

"அப்ப இத்தன வருசமா நான் கேட்டது?"

"கம்பியும் காந்தமுங்க. ஒங்க கையும்."

ஷுக்ரி கிட்டாரை எடுத்து ஒரு கம்பியைத் தட்டினார். முன்பு போலவேதான் கேட்டது நல்லையாவுக்கு. ஷுக்ரி தலையைச் சாய்த்து, ஒலி அடங்கும்வரை இருந்தார்.

"இப்ப வேற மாதிரி கேக்குது, நல்லையா," என்றார். "ஒன்ட பயணத்த நான் மறிக்கல்ல, நீ போ."