வெள்ளிக்கிழமையின் பூட்டு

திண்டுக்கல்லில் பிறந்தவனுக்குப் பூட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர் எனக்கு இருந்தது. இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில், பள்ளிகளுக்கு மதிப்பெண் மென்பொருள் எழுதும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. முதலாளி, நான், சின்னாளப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு அக்கா. மொத்தம் மூன்றே பேர்.

எங்கள் வேலைமுறையை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்க 'கிட்' என்ற மென்பொருள் வைத்திருந்தோம். ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வதுதான் முறை. நாங்களோ சர்வரில் ஒரே ஒரு ஃபோல்டரைப் போட்டு, மூன்று பேரும் அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தினோம்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போன வழியில் அக்கா விபத்தில் இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை அடக்கம். திங்கட்கிழமை ஆபீசைத் திறந்தோம். அவர் மேஜையை யாரும் தொடவில்லை. மூடிய லேப்டாப்பில் சார்ஜர் செருகியபடி இருந்தது. அதன் சின்ன விளக்கு மெதுவாக எரிந்து எரிந்து அணைந்தது. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது.

பத்து மணிக்கு ஒரு திருத்தம் செய்து, அதைக் கிட்டில் சேர்க்கச் சொல்லி எண்டர் தட்டினேன். அதே நொடியில் கரண்ட் போனது. அரை மணி கழித்து வந்ததும் மறுபடி தட்டினேன். 'இண்டெக்ஸ் டாட் லாக்' என்ற கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, வேறு கிட் எதுவும் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு அழியுங்கள் என்று கிட் மறுத்தது.

இது பழகிய சங்கதிதான். கிட் தன் பட்டியலை மாற்றும்போது வேறு யாரும் கை வைக்காமலிருக்க இந்தப் பூட்டுக்கோப்பைப் போட்டுக்கொள்ளும், முடிந்ததும் தானே எடுத்துவிடும். நடுவில் கரண்ட் போனால் எடுக்க ஆளில்லாமல் கிடக்கும். என் மெஷினில் கிட் ஓடுகிறதா என்று பார்த்தேன். இல்லை. முதலாளி மெஷினிலும் இல்லை. சர்வரிலும் இல்லை.

"அதான் கிட் செத்துப்போச்சுல்லப்பா, அழிச்சு விடு. மதியம் ஸ்கூல்ல குடுக்கணும்," என்றார் முதலாளி.

அழிக்கப் போனவன், ஏனோ கோப்பின் நேரத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து நாற்பது.

அப்படியென்றால் இது என் பூட்டே இல்லை. காலையில் தட்டியபோதே மறுத்திருக்கும், படிப்பதற்குள் திரை இருண்டுவிட்டது. வெள்ளிக்கிழமை ஐந்து நாற்பதுக்கு, "பஸ் வந்துரும், வாரேன்" என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கியது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"சார், யாரோ இன்னும் பிடிச்சிட்டிருக்காங்க."

"யாருப்பா?" என்றவர் என் கண் போன திசையைப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

கிட் எந்த மெஷினில் தட்டப்பட்டதோ, அந்த மெஷினில்தான் தெரியும். மூன்றாவது மெஷின் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. லேப்டாப்பைத் திறந்தேன். திரை விழித்தது. எல்லா மாற்றங்களையும் மொத்தமாகப் பதியச் சொல்லிவிட்டு, என்ன மாற்றினோம் என்று குறிப்பு எழுதும் இடத்தில் அக்கா அப்படியே நிறுத்தியிருந்தார். அந்தக் குறிப்பை முடிக்கும்வரை கிட் பூட்டை விடாது. கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது, மூன்று நாளாக அவருக்காகக் காத்திருந்ததுபோல.

அவர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார். "கிரேஸ் மார்க் ரெண்டு தடவ ஏறுறத சரி பண்ணிட்டேன். மீதிய திங்கக்கிழம வந்து" என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"நீ சேமிக்காம வெளிய வந்துரு. பூட்டு தன்னால போயிரும், ஃபைல் எங்கயும் போகாது. உன் வேலையோட சேத்து நீயே பதிஞ்சுக்க," என்றார் முதலாளி.

அவர் சொன்னது சரிதான். ஒரு வரிகூட அழியாது. ஆனால் எல்லாம் என் பெயரில் ஏறும். இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கருணை மதிப்பெண் இருமுறை ஏறும் அந்தத் தப்பைக் கண்டுபிடித்தது அக்கா. நான் அது தப்பே இல்லை என்று அவரிடம் சண்டை போட்டவன். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அவங்க பேர்லயே போகட்டும் சார்."

அந்த வாக்கியத்தை முடித்து வைக்கலாமா என்று செத்த நேரம் யோசித்தேன். ஒரு எழுத்தும் சேர்க்க மனம் வரவில்லை. அப்படியே சேமித்து வெளியே வந்தேன். சர்வரில் பூட்டுக்கோப்பு தானாக மறைந்தது. காலையில் நான் செய்த திருத்தம் மட்டும் பதியாமல் தனியாக நின்றது.

என் மெஷினுக்குத் திரும்பி வந்து பதிவுகளின் பட்டியலைப் பார்த்தேன். மேலே, முதல் வரியில், அவர் பெயர். புதிதாக வந்த பதிவு. அதன் கீழே, அவர் நிறுத்திய இடத்திலேயே நின்ற குறிப்பு: "மீதிய திங்கக்கிழம வந்து".